பத்து மாதக் குழந்தையின் சளிக்குத் தேன், ஆவி, சிரப்

செல்வி: பத்து மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பும் இருமலும். காய்ச்சல் இல்லை. தேனைச் சூடாக்கிக் கொடுக்கலாமா? ஆவி? நாலு வயது மூத்தவனுக்கு வாங்கிய சிரப்பில் பாதி?

பாக்கியம்: தேனை நல்லாக் காய்ச்சிட்டா எந்தக் கிருமியும் நிக்காதும்மா. துளசிச் சாற்றில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் தடவு.

முரளி (மருந்தாளுநர்): கிருமி சாகும் அம்மா, அதன் வித்து சாகாது. கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது. ஒரு வயதுக்குள் முளைத்து, உள்ளேயே பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கிவிடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகை மெலியும், தலை நிற்காது. ஒரு சொட்டும் வேண்டாம். ஒரு வயது தாண்டியபின் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் இரவு இருமல் ஓரளவு தணியும்.

ராஜா: எனக்கு இரண்டு வாரமா வறட்டு இருமல், தேன் கேட்கவே இல்லை. ஆவிதான் கேட்டது. குழந்தைக்கும் போர்வை போட்டுப் பிடிங்க.

முரளி: உங்களுக்கு இரண்டு வாரமென்றால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தை போர்வைக்குள் கை நீட்டினால் பாத்திரம் கவிழும், தொடையும் வயிறும் வெந்துவிடும். நீரில் கற்பூரமோ தைலமோ போடுவது இன்னும் ஆபத்து, கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பால் கொடுக்கும்முன் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து ரப்பர் உறிஞ்சியால் மெதுவாக எடுங்கள்.

பாக்கியம்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு மடியில் வைத்திருந்தால்?

முரளி: வெந்நீர் எட்டாத தூரத்தில் என்றால் சூடுபடாது. ஆனால் சளிக்குப் பலன் உண்டு என்று என்னால் சொல்ல முடியாது.

ராஜா: சிரப் கெட்டது என்பதே 2025இல் கோல்ட்ரிஃப் வந்த பிறகுதானே? நல்ல கம்பெனிது வாங்கினா சரி.

முரளி: இரண்டும் வேறு, தம்பி. கோல்ட்ரிஃபில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது, அனுமதி 0.1தான். அது சிறுநீரகத்தைச் சிதைத்தது, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீர் நின்று இறந்தார்கள். கலப்படமே இல்லாவிட்டாலும், குளோர்பெனிரமினும் பீனைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குள் தரக்கூடாது என்று லேபிளிலேயே போட 2023இல் உத்தரவு வந்தது. ஒன்று தூக்கத்தில் தள்ளும், மற்றது இதயத் துடிப்பைக் கூட்டும். பாதி அளவாக்கினால் இது மாறாது. சில சிரப்பில் பாராசிட்டமாலும் உண்டு, காய்ச்சல் மருந்தோடு சேர்ந்தால் அளவு இரட்டிக்கும்.

பாக்கியம்: அப்போ மூத்தவனுக்கும் கொடுக்கக் கூடாதா?

முரளி: நாலு நிறைந்தவனுக்கு லேபிள் தடுக்காது. ஆனால் ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்றுதான் மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகமும் சொல்கிறது. அவனுக்கு அரைத் தேக்கரண்டி தேன் போதும்.

செல்வி: தூங்கும்போது முழு நிமிடம் எண்ணினேன், மூச்சு 44. பயப்படணுமா?

முரளி: இந்த வயதில் 50ஐத் தொட்டால்தான் வேகமான மூச்சு. சட்டையைக் கழற்றி, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா பாருங்கள். குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.