80 மணி நேரத்தில் எதை அளக்கிறீர்கள்?

கட்டட வேலையைத் திட்டமிட அதைச் சிறு சிறு பணித்தொகுப்புகளாக உடைப்பது பற்றிய விவாதத்தில் ஒருவர் சொன்ன விதி: "எந்தப் பணித்தொகுப்பும் 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலும் உடைத்தே ஆக வேண்டும்."

தளமேடு: எந்த 80 மணி நேரம்? 1,000 சதுர அடி வீட்டின் மேல்தளத்துக்கு ஐந்து தச்சர்கள் நான்கு நாள் சென்ட்ரிங் அடித்தால், ஆள்நேரம் 160 ஆகிறது. உங்கள் விதிப்படி அதைக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று உடைக்க வேண்டும். ஆனால் ஒரே மேஸ்திரி ஒரே சதுர அடி விலைக்கு எடுத்த வேலை அது. முடிந்ததா என்பதை மட்டம் பார்த்து ஒரே நாளில் சொல்லிவிடலாம். பொறுப்பாளி ஒருவர், விலை ஒன்று, ஏற்கும் சோதனை ஒன்று என்றான பிறகு உடைப்பதற்கு என்ன இருக்கிறது?

கணக்கர்: 80 என்பது நாட்காட்டிக் கணக்கு, அதாவது பத்து வேலைநாள். நாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிக்கை தருகிறோம். அதைவிட நீளமான தொகுப்பு "90 சதவீதம் முடிந்தது" என்றே மூன்று அறிக்கைகளில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தளமேடு: அந்தக் கவலை சரியானது, மருந்துதான் தவறு. சதவீதத்தை வாயால் கேட்காமல், பலகை பரப்பிய சதுர அடியை அளந்து எழுதுங்கள். உங்கள் பத்து நாளை வைத்தாலும், தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையேயான தூரம் 4.5 மீட்டரைத் தாண்டிய தளத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 குறைந்தது 14 நாள் முட்டு நிற்கச் சொல்கிறது. அந்தக் காத்திருப்பை எந்தத் தொகுப்பாக உடைப்பீர்கள்? அது கால அட்டவணையில் வர வேண்டிய நாள்.

கணக்கர்: காத்திருப்பு என்று தள்ளியதால்தான் கியூரிங்குக்குத் தண்ணீர் விட ஆளில்லாமல் தளம் வெடிக்கிறது. அதற்குத் தனித் தொகுப்பும் தனிப் பெயரும் வேண்டும்.

தளமேடு: தண்ணீர் விடும் கூலி தளத்தின் விலைக்குள்ளேயே இருக்கிறது, மேஸ்திரியின் பொறுப்பும் அதற்குள் அடங்கும்.

நிரலோன்: எங்கள் மென்பொருள் குழுவில் நான்கு மணி நேர வேலைகளாக உடைத்தோம். 900 வரிகள் வந்தன. திங்கட்கிழமை முழுவதும் அவற்றைத் திருத்துவதிலேயே போனது.

கணக்கர்: இங்கே கட்டடத்தைப் பேசுகிறோம்.

தளமேடு: இங்கும் அதே நோய்தான். நான் பார்த்த ஒரு வீட்டில் சென்ட்ரிங்கை அறை அறையாகப் பதினொரு வரிகளாக உடைத்திருந்தார்கள். ஆனால் தளத்துக்குள் போக வேண்டிய மின்குழாயும் ஃபேன் பெட்டியும் எந்த வரியிலும் இல்லை. கான்கிரீட் போட்ட மறுநாள்தான் எலக்ட்ரீஷியன் வந்தார், பிறகு கூரையைக் கொத்தினார்கள். பல நிலை ஆழத்துக்கு உடைத்திருந்தும் பட்டியலின் மேல்மட்டத்திலேயே ஒரு கிளை விடுபட்டிருந்தது. அடுத்த நிலைக்கு இறங்கும் முன், கீழிருப்பவற்றைக் கூட்டினால் மேலிருப்பது முழுவதும் வருகிறதா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கணக்கர்: மின்குழாய் விடுபட்டது கவனக்குறைவு. அதற்காக 80 மணி நேர விதி பொய்யாகாது.

தளமேடு: ஆள்நேரமா, நாட்காட்டியா என்பதை விதியைச் சொன்னவர் இன்னும் வந்து சொல்லவில்லை.

கணக்கர்: நாட்காட்டி என்று நான் சொல்லிவிட்டேன்.