ஏவிஎல் மரம் லேப்: வெளியுதவிக் குறிப்பில் ஒரு சந்தேகம்

வணக்கம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் சி மொழியில் ஏவிஎல் மரம். வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வெளியுதவி எதில் என்று நாலு வரியில் எழுதி இணைக்கச் சொல்கிறார்கள். மாதிரி எதுவும் தரவில்லை.

சேர்த்தலும் சுழற்சிகளும் நானே எழுதியவை. நீக்கலில் மட்டும் சில மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. சேர்த்தலில் செய்வதுபோல, நீக்கும் எண்ணைப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சுழற்சியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு, "நீக்கின எண் இங்கே எதுக்கு? பிள்ளை எந்தப் பக்கம் கனமா இருக்குன்னு பாரு" என்றார். அப்புறம் நான் எழுதியது:

```c
if (bal > 1 && balance(n->left) >= 0)
    return rotateRight(n);
```

"நண்பர் உதவினார்" என்று எழுதினால் எதில் என்றே தெரியவில்லை. முழுக்கதையும் சொன்னால் ஒரு பக்கம் போகிறது. லேப் உதவியாளரோ "சுருக்கமா இருந்தா சரி" என்கிறார். இப்போது கையில் இருப்பது:

"deleteNode-இல் பிழையைக் கண்டுபிடித்தவரும், இடப்பக்க நிபந்தனைக்கு யோசனை சொன்னவரும் ஒரு சீனியர். வரிகளை எழுதியது நான். மற்றவற்றில் வெளியுதவி இல்லை."

வலப்பக்க நிபந்தனையை அவர் சொல்லவில்லை. இடப்பக்கத்தைப் பார்த்து நானே திருப்பிப் போட்டேன். அதையும் உதவி பெற்ற பகுதியாகக் காட்ட வேண்டுமா?