லெவல் எடிட்டர் உள்ள அடுத்த விளையாட்டு எது? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. கடந்த சில மாதங்களாக ஜியோமெட்ரி டாஷ் விளையாட்டின் கட்டணப் பதிப்பில் உள்ள எடிட்டரில் (இலவசமான லைட் பதிப்பில் அது கிடையாது) தானே லெவல்களை உருவாக்கி வருகிறாள்.

அந்த விளையாட்டில், உருவாக்கியவரே தம் லெவலைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஓட்டமாக முடித்துக் காட்டினால்தான் அதைப் பிறருக்கு வெளியிட முடியும். இடையிலிருந்து சோதித்துப் பார்க்கத் தொடக்கக் குறி ஒன்றை வைக்கலாம் என்றாலும், அது இருக்கும்வரை அந்த ஓட்டம் கணக்கில் வராது. அவள் செய்த 40 விநாடி லெவலில், பாட்டின் தாளத்துக்கேற்ப நெருக்கமாக அடுக்கிய முட்களை அவளாலேயே தாண்ட இயலவில்லை. அவளுக்கு விரல் வேகத்தைவிடப் புதிர் அமைப்பதில்தான் நாட்டம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே போர்ட்டல் 2 விளையாட்டை எண்ணுகிறேன். 2012-இல் சேர்க்கப்பட்ட அதன் எடிட்டரில், சுவர்களை இழுத்து அறை அமைத்து, பொத்தானைக் கதவுடன் இணைத்தாலே ஒரு புதிர் உருவாகிவிடும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கணினி அறையைக் கம்பைல் செய்து முடிக்கும்வரை காத்திருந்த பிறகே விளையாடிப் பார்க்க முடியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ரேம் கொண்ட எங்கள் மடிக்கணினியில் அந்தக் காத்திருப்பு அவள் ஆர்வத்தைக் குலைக்குமா? இத்தகைய கணினியில் பயன்படுத்தியவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். சூப்பர் மரியோ மேக்கர் 2-க்கு ஸ்விட்ச் கருவி வேண்டும் என்பதால் அது இப்போது எங்களுக்கு இயலாது. கணினியில் இயங்கும் வேறு புதிர் எடிட்டர்கள் இருந்தாலும் தெரிவியுங்கள்.