புதுப்பிப்பு: இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடும் என் கணினி ஆட்டக்காரர்

முன்பு நான் கேட்டது: “கூட்டாளி ஜெயிக்கும் சுற்றிலும் என் நிரல் புள்ளியை எதிரிக்குக் கொடுத்துவிடுகிறது. ஏன்?”

“கூட்டாளி முந்தினால் புள்ளிச் சீட்டைப் போடு” என்று தம்பி சொன்ன விதியைத்தான் எழுதியிருந்தேன். நான்காவதாக ஆடும்போது அது சரி. ஞாயிறன்று திருவையாற்றில், திண்ணையில் பெரியப்பாவுக்குக் கூட்டாகக் கணினியை ஆடவிட்டபோது ஓட்டை தெரிந்தது.

எதிரணியின் கேள்வி 20, அதாவது அவ்வளவு புள்ளி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா ஆட்டின் இனத்தில் ஒன்பதை இறக்கினார், அடுத்தவர் ஏழு. மூன்றாவதாக ஆடிய கணினியிடம் ஆட்டின் ஆசும் ராணியும் இருந்தன. அது ஆசைப் போட்டது. கடைசி ஆள் ஜாக்கியை அடித்து 3, 2, 1 என ஆறு புள்ளியை அள்ளினார். ராணி விழுந்திருந்தால் ஐந்துதான். முடிவில் எதிரணிக்குச் சரியாக 20!

“ஜாக்கி இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் ஆசை விடலாமா?” என்றார் பெரியப்பா. இப்போது நிரல் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கிறது. பின்னால் ஆள் இருந்து, கூட்டாளியின் சீட்டை வெல்லும் சீட்டு வெளியே இருந்தால், புள்ளியில்லாத சீட்டையே போடுகிறது.

பக்கத்து வீட்டு மாமா, “கலைப்பதே சரியில்லை, எனக்கு ஜாக்கியே வருவதில்லை” என்றார். கலைப்பதைச் சோதித்தேன், பிழையில்லை.

கடைசி ஆளிடம் அந்த இனமே இல்லாமல், கவிழ்த்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டினால்? அதை எப்படிக் கணிப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை.