வளாகத் தேர்வில் வேலை உறுதியாகியும் பல மாதங்களாக அழைப்பு இல்லை: பணியில் எப்போது சேர்ப்பார்கள்?

மணிமுத்தாறு
வணக்கம். கல்லூரி வளாகத் தேர்வில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் தேர்வாகி, கடிதமும் பெற்றுவிட்டேன். படிப்பு முடிந்து பல மாதங்கள் கடந்தும் பணியில் சேரும் தேதி வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால், வணிகத் தேவையைப் பொறுத்துத் தெரிவிப்போம் என்ற ஒரே பதில்தான் வருகிறது. என்னுடன் தேர்வான வேறு கல்லூரி நண்பர்கள் இருவர் பயிற்சிக்குச் சென்றுவிட்டார்கள். கல்விக் கடனின் சலுகைக் காலமும் முடியப் போகிறது. எப்போது அழைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன்
எந்த ஆண்டு தேர்ச்சி பெற்றீர்கள், கையில் இருப்பது ஆஃபர் லெட்டரா அல்லது லெட்டர் ஆஃப் இன்டென்ட் மட்டுமா, நிறுவனம் சொன்ன முன்பயிற்சியை முடித்துவிட்டீர்களா, பாக்கித் தாள் ஏதேனும் உண்டா என்ற விவரங்கள் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பழைய_பெஞ்ச்
இதில் விவரம் எதற்கு? நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டின் முடிவையும் பார்த்துத்தான் புதியவர்களை எடுக்கின்றன. திட்டம் கிடைக்காமல் பெஞ்சில் காத்திருக்கும் ஆட்கள் அதிகம் இருந்தால் அழைப்பு வராது. ஏப்ரல் நடுவில் ஆண்டு முடிவுகள் வெளியானதும் அழைத்துவிடுவார்கள், கவலை வேண்டாம்.

கறார்_கண்ணன்
இதே கேள்வி இங்கே மாதந்தோறும் வருகிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைக் கூடப் படிக்காமல் ஊரைக் கேட்கும் பழக்கம் பொறியாளர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடிதத்தில் தேதி இருந்தால் தேதி உண்டு, இல்லையென்றால் இல்லை.

வைகறை
என் தங்கைக்கும் இப்படித்தான் நடந்தது. கிராம நிர்வாக அலுவலர் தேர்வில் வெற்றி பெற்றும், கலந்தாய்வு முடிந்து நியமன ஆணை வர வெகு காலம் ஆயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பாருங்களேன்.

தாமிரபரணிக்காரன்
அக்கா, இது தனியார் நிறுவனம். ஆட்சியர் அலுவலகம் இதில் எதுவும் செய்ய இயலாது.

மணிமுத்தாறு
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 2024இல் தேர்ச்சி பெற்றேன், பாக்கித் தாள் இல்லை. கையில் இருப்பது லெட்டர் ஆஃப் இன்டென்ட். அதில் ஆண்டுச் சம்பளம் உண்டு, ஊரும் தேதியும் இல்லை. "இறுதி நியமனம் வணிகத் தேவைக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் உட்பட்டது" என்ற வரி இருக்கிறது. முன்பயிற்சியை முடித்துவிட்டேன்.

நிழல்மரம்
சில ஆண்டுகள் வளாகத் தேர்வுக் குழுவில் மனிதவளப் பணியில் இருந்தவன் என்பதால், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், தம்பி. காலாண்டு முடிவு வந்ததும் கதவு திறக்கும் என்பது பாதிதான் சரி. திட்டங்களிலிருந்து எந்தத் தொழில்நுட்பத்தில் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு முதலில் வரும். பிறகு பயிற்சி மையத்தில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து ஒரு அணிக்கான பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெறுபவர்கள், முன்பயிற்சித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சான்றிதழ்களும் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டவர்கள். உங்கள் நண்பர்கள் முன்னே சென்றதற்குக் கல்லூரியின் பெயரைவிட இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அழைப்பு நெருங்குகிறதா என்பதைச் சில அறிகுறிகளால் அறியலாம். பின்னணிச் சரிபார்ப்புப் படிவம், மருத்துவத் தகுதிச் சான்று, பணி ஒப்பந்தப் பத்திரம், பணியிட விருப்பம் ஆகியவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் உங்கள் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் ஏறியிருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒன்றும் வராமல் பொதுவான பதில் மட்டும் வந்துகொண்டிருந்தால், அடுத்த அணியிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்றே கொள்ளுங்கள். "இன்னும் சேர விருப்பமா?" என்று கேட்கும் சிறு படிவம் வந்தால் கெடுவுக்குள் பதில் தந்துவிடுங்கள், பதில் தராதவர்களின் பெயர் சத்தமில்லாமல் நீக்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். இனி உதவி மையத்துக்கு எழுதுவதைவிடக் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர் மூலம் கேட்பது பயன் தரும், ஏனென்றால் அடுத்த ஆண்டும் அந்தக் கல்லூரிக்கு வர வேண்டிய குழு அவருக்குத்தான் பதில் சொல்லும்.

பழைய_பெஞ்ச்
2022இல் தேர்வானவர்களை இன்ஃபோசிஸ் சுமார் இரண்டு ஆண்டுகள் காக்க வைத்தபோது, புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு 2024இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. பிறகு அக்டோபர் 7 என்று பலருக்குத் தேதி வந்தது. ஆகவே புகார் கொடுத்தால் வழி பிறக்கும்.

நிழல்மரம்
அங்கே பலரிடம் ஆஃபர் லெட்டரே இருந்தது, செய்தித்தாள்களும் அதைத் தொடர்ந்து எழுதின. இவரிடம் இருப்பது நிபந்தனையோடு கூடிய விருப்பக் கடிதம். நீதிமன்றம் சென்றாலும், தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று ஒரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவது இந்தியச் சட்டத்தில் பொதுவாக இயலாது. இழப்பீடு கேட்கலாம், ஆனால் அந்த ஒற்றை வரி நிறுவனத்தின் பக்கம் நிற்கும். மேலும், 2023 பிப்ரவரியில் விப்ரோ காத்திருந்த புதியவர்களிடம், ஆறரை லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டதையும் நினைவில் வையுங்கள். அழைப்பு வரும்போது பழைய சம்பளமே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

சின்னசேலம்_சிவா
நான் சொல்வது எளிய வழி. இப்போதே ஏதாவது சிறிய நிறுவனத்தில் சேர்ந்துவிடுங்கள், அழைப்பு வந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

கறார்_கண்ணன்
யாருக்கும் தெரியாதா? வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் ஆதாருடன் இணைந்திருக்கிறது. புதிய நிறுவனம் அந்த எண்ணைக் கேட்டவுடன் பழைய நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த நாளும் வந்து நிற்கும்.

சின்னசேலம்_சிவா
20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் வைப்பு நிதியே கட்டாயமில்லை, ஐயா. நான் அப்படித்தான் இருந்தேன்.

கறார்_கண்ணன்
சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26AS படிவத்தில் வரும். கையில் ரொக்கமாக வாங்கினேன் என்று அடுத்துச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

சின்னசேலம்_சிவா
உங்களிடம் பேசினால் வேலை கிடைத்தவனும் ராஜினாமா செய்துவிடுவான்.

நிழல்மரம்
இருவரும் மறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். இடையில் வேறு இடத்தில் வேலை பார்ப்பது குற்றமல்ல. விலகல் கடிதம் இல்லாமல் வருவதும், சரிபார்ப்புப் படிவத்தில் அதை எழுதாமல் விடுவதும்தான் பிறகு வேலையைப் பறிக்கும். முன் அனுபவம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை சில வளாகக் கடிதங்களில் உண்டு. ஆகவே, தம்பி, சேரும் முன் உங்கள் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சேரும் இடத்தில் இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்று ஒப்பந்தமோ, அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் வழக்கமோ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தாமிரபரணிக்காரன்
ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். காத்திருப்பவர்களைக் குறிவைத்து, மடிக்கணினிக்கு முன்பணம் கட்டினால் தேதி தருவோம் என்று பொய் மின்னஞ்சல்கள் வருகின்றன. அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின் இருப்பதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மணிமுத்தாறு
அனைவருக்கும் நன்றி. முன் அனுபவம் பற்றிய வரி என் கடிதத்தில் இல்லை. நிறுவனத்தின் தளத்தில் பார்த்தபோது, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கு எதிரே "Pending" என்று இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து அது தாமதமாக வந்ததால் முன்பு ஏற்ற முடியவில்லை, இன்று ஏற்றிவிட்டேன். பிளேஸ்மென்ட் அலுவலரும் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். தேதி இன்னும் வரவில்லை.

நிழல்மரம்
அந்தச் சொல் "Verified" என்று மாறும் வரை உங்கள் பெயர் பட்டியலுக்கே போகாது. மாறிய பிறகும் ஒரு காலாண்டுக்குள் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வரவில்லை என்றால், இந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்து வேறு இடத்தில் சேர்ந்துவிடுங்கள்.

பழைய_பெஞ்ச்
ஏப்ரல் வரை பொறுங்கள் என்பதே இப்போதும் என் கருத்து.