சாலைக்குப் போகும் 14 சென்ட்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

காப்பிக்காடு:
தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கின்றன. சாலையை அகலப்படுத்த 14 சென்ட் கேட்கிறார்கள். பேச்சுவார்த்தையில் வழிகாட்டி மதிப்பைக் காட்டி, சென்ட்டுக்கு 6,000 ரூபாயில் தொடங்கினார்கள். இங்கே வாய்விலை 25,000. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கூடுதல் கேட்க முடியுமா?

மேலூரான்:
உங்களுக்கு மேலே நான்கு கிலோமீட்டரில் இருக்கிறோம். போன ஐப்பசி மழையில் ஜீப் ஏற முடியாமல், பிரசவ வலியில் துடித்த என் அண்ணியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். 14 சென்ட்டுக்காக மூன்று ஊர் காத்திருக்க வேண்டுமா?

வாழைமலை:
போடவே போடாதீர்கள். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி கிராமத்தில் நான்கு மடங்கு தர வேண்டும். உங்கள் கணக்கில் சென்ட்டுக்கு ஒரு லட்சம். அதற்குக் குறைவாக யார் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

பழைய தாசில்தார்:
நில எடுப்புப் பிரிவில் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். முதலில் கேள்விக்கு வருகிறேன். பேச்சில் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் விலை அங்கேயே முடிந்தது, பிறகு நீதிமன்றம் போய்க் கூடுதல் கேட்க வழியில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்சியர் தொகையை நிர்ணயிப்பார். அந்தப் பணத்தை 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, கெடுவுக்குள் கூடுதல் கேட்டு மனு செய்யலாம். அந்த இரண்டு சொல்லை எழுத மறந்து உரிமையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழைமலை சொல்லும் நான்கு மடங்கு பாதிதான் சரி. சந்தை மதிப்பை ஊரக நிலத்துக்கு 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அதன்மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. அந்த எண் 2 ஆக இருக்கும் இடத்தில்தான் நான்கு மடங்கு வரும். அப்படிப் பெருக்குவதும் வாய்விலையை அல்ல.

காப்பிக்காடு:
ஐயா, பிறகு எந்த விலையை?

பழைய தாசில்தார்:
வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான கிரையப் பத்திரங்களில், விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் அடிப்படை. உங்களிடம் முதலாவதை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, ஆறு பத்திரங்கள் இருப்பதாக வையுங்கள்: சென்ட் 5,000, 6,000, 6,000, 9,000, 10,000, 11,000. மேல்பாதியின் சராசரி 10,000. 14 சென்ட்டுக்கு 1,40,000. பெருக்கும் எண் 1.25 என்றால் 1,75,000. மரம், செடிகளின் மதிப்பு 60,000 என்றால் 2,35,000. அதே அளவு ஆறுதல் தொகை சேர்ந்தால் 4,70,000. அறிவிக்கை நாளிலிருந்து சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. வெறும் 6,000 வீதம் வாங்கினால் 84,000. எவ்வளவு தூரம் பாருங்கள்.

உங்கள் நிலத்துக்கு எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றியுள்ள சர்வே எண்களுக்கு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் கிரைய விலைகள் தெரியும்.

வாழைமலை:
மாநில நெடுஞ்சாலைக்கு 2013 சட்டமே பொருந்தாது, 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம்தான் என்று இங்கே ஒரு வக்கீல் சொன்னார். அப்படியென்றால் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

பழைய தாசில்தார்:
நிலம் எடுக்கும் நடைமுறை 2001 சட்டப்படி. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படி. வக்கீல் முன்பாதியோடு நிறுத்திவிட்டார்.

கூட்டுப்பட்டா:
எங்கள் வீட்டுமனைக்குப் போகும் பாதையை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தோம். ஒரு பைசா வரவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. எங்களுக்கும் ஆறுதல் தொகை கிடைக்குமா?

பழைய தாசில்தார்:
தானப் பத்திரம் வேறு, நில எடுப்பு வேறு அம்மா. ஆனால் பட்டாவை உடனே மாற்றுங்கள். பிறகு நிலம் எடுக்கும்போது அது தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகளுக்குள் ஒருவர் தகராறு செய்தாலும் பணம் கைக்கு வராமல் முடங்கிவிடும்.

காப்பிக்காடு:
வில்லங்கம் பார்த்துவிட்டேன். பக்கத்துத் தோட்டம் சென்ட் 24,000க்குக் கைமாறியது, ஊரே அறியும். பத்திரத்தில் 7,000. ஐயா, அந்தப் பத்திரத்தை நான் எழுதவில்லை. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க வாங்கியவரும் விற்றவரும் குறைத்து எழுதினார்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததற்கு என் நிலம் ஏன் விலை இறங்க வேண்டும்?

பழைய தாசில்தார்:
நியாயமான கோபம். பேச்சு மேசையில் என்னை வாயடைக்க வைத்த கேள்வியும் இதுதான். ஆனால் 24,000 என்று நான் எழுதினால் தணிக்கையில் ஆதாரம் கேட்பார்கள். ஊரே அறியும் என்பது ஆதாரமாகாது. வங்கிக் கடனுக்காக முழு விலையில் பதிவான பத்திரம் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். தேடுங்கள். கூடிய பாதியின் சராசரி என்பதால் அந்த ஒன்றுகூட விலையைத் தூக்கும்.

மேலூரான்:
ஆக, குறைத்து எழுதியது ஊர்க்காரர்கள், தாமதத்தில் தவிப்பது நாங்கள்.

காப்பிக்காடு:
தம்பி, உங்கள் அண்ணியின் கதை என் வீட்டுக் கதையும்தான். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

கல்சுவர்:
மலைச்சாலைகளில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். எல்லோரும் 14 சென்ட்டையே பேசுகிறீர்கள், மீதி நிலத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் நிலம் சாலைக்கு மேல்புறமா, கீழ்ப்புறமா?

காப்பிக்காடு:
மேல்புறம். சில்வர் ஓக் மரங்களில் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டிருக்கிறார்கள். மரத்தைத்தான் எண்ணினார்கள். அதில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியை எண்ணவில்லை. ஒரு மரத்தில் கொடி என் கைப்பருமன். அதன்மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கல்சுவர்:
கொடியைத் தனி இனமாக மகசரில் ஏற்றச் சொல்லுங்கள், விடாதீர்கள். ஆனால் பெரிய ஆபத்து வெட்டுச்சரிவில் இருக்கிறது. மூன்று மீட்டர் அகலம் எடுக்கச் செங்குத்தான இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் மண்ணை வெட்ட வேண்டிவரும். சுவர் இல்லாமல் விட்டால் முதல் பெருமழையில் மேல்விளிம்பில் கோடாக விரிசல் விழும், மரங்கள் சாலைப்பக்கம் சாயத் தொடங்கும், அடியில் கலங்கல் நீர் கசியும். இந்த மூன்றையும் பார்த்தால் மண் இறங்குகிறது என்று பொருள். அப்போது போவது 14 சென்ட்டோடு நிற்காது. செலவைக் குறைக்க மதிப்பீட்டில் முதலில் கைவைப்பதும் அந்தச் சுவரில்தான். வரைபடத்தில் உங்கள் சர்வே எண் அருகே தடுப்புச் சுவரும் மேல்விளிம்பு வடிகாலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பழைய தாசில்தார்:
எடுத்த பகுதியால் மீதி நிலத்துக்கு ஏற்படும் கேட்டுக்கும் சட்டத்தில் இழப்பீடு உண்டு. ஆனால் நிர்ணயத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். இன்னும் சரியாத சரிவுக்கு எவ்வளவு என்பதில் நான் வேலையில் இருந்த காலத்திலேயே ஒருமித்த கணக்கு வந்ததில்லை.

மேலூரான்:
சுவர் எங்களுக்கும் வேண்டும். அங்கே சரிந்தால் அடைபடுவது எங்கள் வழி. சுவருக்காக எங்கள் ஊரிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன், அக்கா. ஆனால் விலைக்காக நீதிமன்றம் என்று நிலத்தைத் தராமல் நிறுத்தினால் உங்களோடு நிற்க மாட்டேன்.

காப்பிக்காடு:
நிலத்தைத் தருகிறேன், விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அப்படித்தான் எழுதப்போகிறேன். புதன்கிழமை அடுத்த பேச்சு. முழு விலையில் பதிவான பத்திரம் ஒன்று பண்ணைக்காட்டுச் சாலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதையும் மிளகுக்கொடிகளின் எண்ணிக்கையையும் கொண்டுபோகிறேன். சுவர் மனுவை நீங்கள் செவ்வாய்க்குள் கொடுத்தனுப்புங்கள், தம்பி.