கரும்பு எரிந்த வருஷமும் ஐந்து வருஷச் சராசரியும்

ஸ்டேங்கர் கரும்புக்காரன்

எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் கரும்பு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விலை நன்றாக வந்தது. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர், "விவசாயிக்குச் சராசரி போட்டு வரி கட்டும் வசதி இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். வரி குறையும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சரி என்றேன். ஒருமுறை எடுத்தால் பிறகு மாற்ற முடியாது என்பதைச் சொன்னார். அதற்குப் பதிலாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து சூடான காற்று அடித்த ஒரு மதியம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பிடித்த தீ பாதையைத் தாண்டி எங்கள் மேட்டு வயலுக்குள் வந்துவிட்டது. ஒன்பது மாத மறுதாம்பு அது. அடுத்த பருவத்தில்தான் வெட்டுவதாக இருந்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தோகை எல்லாம் சாம்பல், தண்டு மட்டும் கறுத்து நின்றது. கையில் எடுத்து உடைத்தேன், உள்ளே சாறு இருந்தது. ஆனால் எரிந்த கரும்பு காத்திருக்காது, நாளாக ஆகச் சர்க்கரை இறங்கும். ஆட்களைக் கூட்டி ஐந்தே நாளில் வெட்டி ஆலைக்கு ஏற்றினோம்.

அதனால் என்ன ஆயிற்று? வழக்கமாக வெட்டவேண்டிய கரும்பின் பணமும் அடுத்த வருஷக் கரும்பின் பணமும் ஒரே வரி ஆண்டில் வந்து விழுந்தன. செலவு போக 420,000 ரேண்ட். அதில் 180,000 எரிந்த கரும்பில் வந்தது. கையில் பணம் நிறைய இருப்பது போலத் தெரிந்தாலும், அடுத்த வருஷம் அந்த மேட்டிலிருந்து ஒரு காசு வராது.

எரிந்த கரும்புக்கென்றே சட்டத்தில் தனிச் சலுகை இருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். ரிட்டர்ன் போடுபவரிடம் சந்தோஷமாக ஓடினேன். "நீங்கள்தான் சராசரியை எடுத்துவிட்டீர்களே, இனி அது உங்களுக்குக் கிடையாது" என்று பதில் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வெருலம் தம்பி

அண்ணே, ஏன் இவ்வளவு கவலை? சராசரி என்றால் சராசரித் தொகைக்கு மட்டும்தானே வரி? ஐந்து வருஷத்தைக் கூட்டி ஐந்தால் வகுத்து, வருகிற தொகைக்குக் கட்டினால் போதும். மிச்சத்துக்கு வரியே இல்லை. வருமானம் குறைந்த வருஷத்தில் கட்டினது திரும்பவும் வரும் என்று எங்கள் மாமா சொல்வார்.

உம்சிண்டோ பழைய கணக்கர்

தம்பி, ஐந்து வருஷம் என்பது மட்டும் சரி. நடப்பு வருஷமும் அதற்கு முந்தைய நாலும். மற்ற இரண்டும் தவறு. இந்த நினைப்பில் பணத்தைச் செலவழித்துவிட்டுத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருமான வரிச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 19ஆம் பத்தி இது. சராசரியை வைத்து வரி *விகிதத்தை* மட்டும் கண்டுபிடிக்கிறோம். பிறகு அந்த விகிதத்தை முழு வருமானத்தின் மேலும் போடுகிறோம். எந்த ரேண்டும் வரிக்குத் தப்புவதில்லை, மேல்படிக்கு ஏறுவதைத்தான் தடுக்கிறது.

ஸ்டேங்கர் தம்பி, முந்தைய நாலு வருஷத்துத் தொகைகளை எழுதுங்கள். 2025 பிப்ரவரியில் முடிந்த ஆண்டுதானே?

ஸ்டேங்கர் கரும்புக்காரன்

அதேதான் ஐயா. செலவு போக 190,000, 260,000, 210,000, 220,000. வேறு சம்பளம் இல்லை.

உம்சிண்டோ பழைய கணக்கர்

நன்று. நாலையும் இந்த வருஷத்து 420,000-ஐயும் கூட்டினால் 1,300,000. சராசரி 260,000.

எந்தச் சலுகையும் இல்லாமல் 420,000-க்கு நேரே வரி போட்டால் 92,707 ரேண்ட். எல்லாருக்கும் கிடைக்கும் 17,235 தள்ளுபடியை இன்னும் கழிக்கவில்லை. மூன்று கணக்கிலும் அது ஒன்றுதான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சராசரி வழியில் முதலில் 260,000-க்கு வரி என்ன என்று பார்க்க வேண்டும். 48,632. அதாவது நூற்றுக்குச் சுமார் 18.7. இந்த விகிதத்தை 420,000-இன் மேல் போட்டால் 78,559.

நீங்கள் இழந்ததாக நினைக்கும் தீச் சலுகை 17ஆம் பத்தியில் இருக்கிறது. அதற்குச் சராசரி தேவையில்லை. எரிந்திராவிட்டால் இந்த ஆண்டு வந்திருக்காது என்ற 180,000-ஐ ஒதுக்கிவிட்டு, மிச்சம் 240,000-க்கு வரி பார்க்க வேண்டும். 43,432. விகிதம் 18.1. அதை 420,000-இன் மேல் போட்டால் 76,006.

ஆக, சராசரியை எடுத்ததால் உங்களுக்கு நஷ்டம் 2,553 ரேண்ட். எதையுமே எடுக்காமல் இருந்ததைவிட 14,148 ரேண்ட் லாபம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஸ்டேங்கர் கரும்புக்காரன்

ஐயா, ரொம்ப நன்றி. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கா இத்தனை நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தேன்!

உம்சிண்டோ பழைய கணக்கர்

உங்களுக்கு இப்படி அமைந்தது, எல்லாருக்கும் அமையாது. முந்தைய நாலு வருஷமும் 300,000 வந்திருந்து, இந்த வருஷமும் இதே 420,000 என்று வையுங்கள். சராசரி 324,000 ஆகும், வரி 84,612 ஆகும். தீச் சலுகையில் அதே 76,006-தான். எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். வழக்கமான வருமானம் சீராக இருந்து, தீ ஒன்றுதான் பயம் என்பவர்கள் அவசரப்பட்டுச் சராசரிக்குப் போகக்கூடாது. காடு வளர்ப்பவர்களுக்கான சலுகையும் அரசின் கால்நடைக் குறைப்புத் திட்டச் சலுகையும் இதேபோல் சராசரிக்குப் போனால் கைவிட்டுப் போகும்.

வெருலம் தம்பிக்கு இன்னொன்று. இந்த வருஷ வருமானம் சராசரிக்குக் கீழே இருந்தால் சூத்திரம் வேலையே செய்யாது. சாதாரணமாக வரி போடுவார்கள், எதுவும் திரும்ப வராது. ஆனால் அந்த மோசமான வருஷம் அடுத்த நாலு வருஷத்துச் சராசரியையும் கீழே இழுக்கும். அப்போது நல்ல வருஷம் வந்தால் அதற்குப் பலன் தெரியும்.

டொங்காட் அக்கா

எங்கள் தோட்டம் அப்பா காலத்தில் அவர் பெயரில் இருந்தது. தம்பி வந்து கம்பெனி ஆக்கினான். பத்து வருஷக் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கிறோம். எங்களுக்கும் இந்தச் சராசரி கிடைக்குமா?

உம்சிண்டோ பழைய கணக்கர்

கிடைக்காது அம்மா. தனிமனிதர் தம் பெயரில் விவசாயம் செய்தால்தான். பொதுவாகக் கம்பெனிக்கு ஒரே விகிதம்தான்.

சட்ஸ்வர்த் பாட்டு டீச்சர்

நான் கரும்புக்காரி இல்லை, ஆனால் என் பிரச்சினையும் இதுதான். கோயில் விழாக்களுக்கும் நாட்டிய நாடகங்களுக்கும் பாட்டு எழுதி இசையமைக்கிறேன். இரண்டு வருஷம் எண்பதாயிரம்கூட வராது. பிறகு பெரிய தயாரிப்பு ஒன்று வரும், இரண்டு வருஷம் உழைத்ததற்கு ஒரே வருஷத்தில் மூன்று லட்சம் தருவார்கள். அந்த வருஷம் வரி வாங்கிவிடுகிறது. முந்தைய வருஷங்களில் வரி வரம்பைக்கூட நான் தொடவில்லை, அந்த வரம்பு வீணாகப் போகிறது. என் சித்தி மகள் லண்டனில் எழுத்தாளர். அவளுக்கு இரண்டு வருஷத்தைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்களாம். நானும் ரிட்டர்னில் போடலாமா?

உம்சிண்டோ பழைய கணக்கர்

போடக்கூடாது டீச்சர். பிரிட்டனில் எழுத்தாளர், கலைஞர்களுக்கு அந்த வசதி உண்டு. அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் ஒன்றின் லாபம் மற்றதன் முக்கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் இரண்டையும் சமன் செய்துகொள்ளலாம். அங்கே விவசாயிகளுக்கு ஐந்து வருஷக் கணக்கும் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் சராசரி விவசாயிக்கு மட்டும்தான். ஏன் பாட்டுக்கு இல்லை என்றால் எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. கரும்பைப் போலத்தான் ஒரு படைப்பும் விளையக் காலம் பிடிக்கிறது.

உங்களால் செய்யக்கூடியது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பணம் கைக்கு வந்த நாளை மட்டும் வரித்துறையான சார்ஸ் பார்ப்பதில்லை, அதைக் கேட்கும் உரிமை என்று பிறந்தது என்றும் பார்க்கும். "முதல் பாதி இசை கொடுத்ததும் இவ்வளவு, அரங்கேற்றம் முடிந்ததும் இவ்வளவு" என்று முன்கூட்டியே எழுதி, அரங்கேற்றம் ஏப்ரலில் என்றால், இரண்டாம் பாதி அடுத்த வரி ஆண்டுக்குப் போகும். பிப்ரவரியிலேயே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "காசை மார்ச்சில் தாருங்கள்" என்று சொன்னால் அது செல்லாது. உரிமை பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

சட்ஸ்வர்த் பாட்டு டீச்சர்

நான் இத்தனை வருஷமும் செய்தது இரண்டாவதுதான் ஐயா. பிப்ரவரியில் பாட்டைக் கொடுத்துவிட்டு மார்ச்சில் செக் வாங்குவேன். அந்தப் பழைய ரிட்டர்ன்களை என்ன செய்வது?

உம்சிண்டோ பழைய கணக்கர்

அதைப் பொதுவில் பேச வேண்டாம். கணக்குகளை எடுத்துக்கொண்டு ஒரு வரி ஆலோசகரிடம் நேரில் போங்கள். சார்ஸ் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்வது நல்லது.

மறுதாம்பு

எனக்கும் உம்சிண்டோ பக்கம்தான் தோட்டம், பதினெட்டு ஹெக்டேர். நான் இன்னும் சராசரியை எடுக்கவில்லை. தீச் சலுகையை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். அந்தக் கரும்பு இந்த ஆண்டு வெட்டுவதாக இருக்கவில்லை என்பதைத்தான் காட்டவேண்டியிருந்தது. வயல் வாரியான வெட்டுத் திட்டம், எந்த வயலைக் கடைசியாக எப்போது வெட்டினேன் என்ற குறிப்பு, எரிந்த கரும்பு என்று குறித்த ஆலைச் சீட்டு, தீ நடந்த அன்றே எடுத்த படங்கள், இவ்வளவும் ஒரு கோப்பில் இருந்தது. முதல்முறை வெட்டுத் திட்டம் இல்லாமல் போய் ரொம்ப இழுபட்டேன்.

என் கேள்வி வேறு. மகன் கரும்பைக் குறைத்து மக்கடேமியா வைக்கலாம் என்கிறான். அது காய்க்கப் பல வருஷம் ஆகும், அதுவரை வருமானம் இறங்கும், பிறகு ஒரேயடியாக ஏறும். அப்படியானால் சராசரிதானே நல்லது? ஆனால் மரம் காய்க்கும்வரை மிச்சமிருக்கும் கரும்பில் தீப் பிடித்தால்?

உம்சிண்டோ பழைய கணக்கர்

இன்றே எடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வருமானம் இறங்கும் வருஷங்களில் சராசரியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, தீச் சலுகைதான் காவல். காய்ப்பு வந்து வருமானம் தாண்டும் முதல் வருஷத்தில் எடுத்தால், அந்தக் குறைந்த வருஷங்கள் நாலும் கணக்கில் வந்துவிடும். நான் என்றால் காத்திருப்பேன்.

ஸ்டேங்கர் கரும்புக்காரன்

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம். காத்திருக்கும்போது நடுவில் கரும்பு விலை ஏறிவிட்டால்? எனக்கு அப்படித்தான் ஏறியது. அந்த ஒரு வருஷச் சலுகை போய்விடுமே.

மறுதாம்பு

அதுதான் என்னையும் அரிக்கிறது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை மகனையும் உட்கார வைத்து, ஐயா போட்ட மாதிரி எங்கள் ஐந்து வருஷத்தையும் போட்டுப் பார்க்கப் போகிறேன்.